கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் மண்ணச்சநல்லூரைத் தாண்டினால் திருவெள்ளறை வந்துவிடும். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பெயர் போனது. திருவெள்ளறையில் ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொறியியல் படித்தவர், ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். சனி, ஞாயிறுகளில் ஆலையில் பொன்னி அரிசி மூட்டை எடுத்து, ஸ்ரீரங்கத்தில் தெரிந்த வீடுகளுக்கு வண்டியில் கொண்டுபோய் இறக்குவார். ஆர்டர் எல்லாம் வாட்ஸப்பில் வரும். மாதம் முப்பது, நாற்பது மூட்டை போகும். வீட்டுச் செலவில் ஒரு பகுதியை அந்த வருமானம் தாங்குகிறது. இப்போது நவல்பட்டு ஐடி பூங்காவில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து அவருக்கு அழைப்பு. நேர்காணல் முடிந்து, சம்பளப் பேச்சும் முடிந்துவிட்டது. அரிசி வியாபாரத்தைப் பற்றி ஹெச்ஆரிடம் சொல்வதா, வேண்டாமா?

வீட்டிலும் நண்பர்களிடமும் கேட்டால், பெரும்பாலும் "அதையெல்லாம் ஏன் சொல்றே? கேட்டா பாத்துக்கலாம்" என்றுதான் பதில் வரும். அக்கறையோடு சொல்லப்படும் இந்த யோசனைதான் பிறகு பலருக்கு வினையாகிறது. சொல்ல வேண்டும், அதுவும் சரியான நேரத்தில், சரியான ஆளிடம், எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களையும் வழியையும் பார்ப்போம்.

2022 விட்டுச்சென்ற பயம்

பக்கத் தொழில் என்றாலே இளைஞர்கள் வாயைத் திறக்க அஞ்சுவதற்கு 2022ஆம் ஆண்டு ஒரு முக்கியக் காரணம். அந்த ஆண்டு ஆகஸ்டில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, ஐடி ஊழியர்கள் இரண்டாவது வேலை பார்ப்பது அப்பட்டமான ஏமாற்று என்று ட்விட்டரில் எழுதினார். செப்டம்பரில் இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியது. அதே மாதம், முந்நூறு பேரை வேலையை விட்டு நீக்கியிருப்பதாக பிரேம்ஜி அறிவித்தார். 'மூன்லைட்டிங்' என்ற சொல் தமிழ் நாளிதழ்களுக்கும் அப்போதுதான் பரவலாக வந்தது.

அந்த முந்நூறு பேர் எதற்காக நீக்கப்பட்டார்கள் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. விப்ரோவில் சம்பளம் வாங்கிக்கொண்டே அதன் போட்டி நிறுவனங்களுக்கு நேரடியாக வேலை பார்த்தார்கள் என்பதே அவர்கள்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. ஞாயிற்றுக்கிழமை அரிசி மூட்டை இறக்குவது அந்தக் கணக்கில் வராது. ஆனால் செய்தி ஊருக்கு வந்து சேரும்போது "வேறு வேலை பார்த்தால் வேலை போய்விடும்" என்று சுருங்கிவிட்டது.

அதே ஆண்டின் மறுபக்கம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆகஸ்ட் மாதமே ஸ்விக்கி நிறுவனம், வேலை நேரத்துக்கு வெளியே, தன் தொழிலுக்குக் குறுக்கே வராத பணிகளை அனுமதி பெற்றுச் செய்யலாம் என்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அக்டோபரில் இன்ஃபோசிஸும், மேலாளரும் ஹெச்ஆரும் முன்கூட்டியே ஒப்புதல் தந்தால் வெளிப் பணிகளை எடுத்துக்கொள்ளலாம் என்றது. இன்ஃபோசிஸோடும் அதன் வாடிக்கையாளர்களோடும் அந்தப் பணி போட்டியிடக் கூடாது என்பது நிபந்தனை. ஆக, அந்த ஆண்டின் பரபரப்பு அடங்கியபோது மிஞ்சியது முழுத் தடை அல்ல. எந்தத் தொழில் என்பதையும் முன்அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்க்கும் நடைமுறை. ஒரே அரிசி வியாபாரம் அனுமதியோடு நடந்தால் சாதாரண விஷயம்; தெரியாமல் நடந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயம்.

சட்டம் எங்கே இருக்கிறது?

தனியார் நிறுவன ஊழியர் பக்கத் தொழில் செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரட்டை வேலையைத் தடுத்தது. ஆனால் அது ஒரே தொழிலாளி ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் உழைப்பதைப் பற்றியது. மென்பொருள் சோதிப்பவரின் வார இறுதி வியாபாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் தடை எங்கிருந்து வருகிறது? நாம் கையெழுத்திடும் நியமனக் கடிதத்திலிருந்துதான். "பணிக்காலத்தில் ஊழியர் தம் முழு நேரத்தையும் கவனத்தையும் நிறுவனத்துக்கே அளிக்க வேண்டும், முன்அனுமதி இல்லாமல் வேறு தொழிலிலோ வணிகத்திலோ ஈடுபடக் கூடாது" என்ற பொருளில் ஒரு பத்தி பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். இதைப் படிக்கும் சிலர், "தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறதே, இது எப்படிச் செல்லும்?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் உச்ச நீதிமன்றம் 1967இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கல்யாணில் இருந்த செஞ்சுரி நிறுவனத்தின் டயர் கார்டு ஆலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த நிரஞ்சன் சங்கர் கோலிகரி, இடையிலேயே விலகி ராஜஸ்தானில் அதே தொழிலில் இருந்த இன்னோர் ஆலைக்குப் போனார். பணி ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கு விதிக்கப்படும் இத்தகைய கட்டுப்பாடு பொதுவாக 27ஆம் பிரிவைத் தொடாது என்று தீர்ப்பானது. வேலையில் இருக்கும்வரை அந்தப் பத்தி நம்மைக் கட்டும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஆகவே திருவெள்ளறை இளைஞரின் கேள்விக்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. அவர் சேரப்போகும் நிறுவனத்தின் நியமனக் கடிதத்திலும், அந்தக் கடிதம் சுட்டும் நடத்தை விதிகளிலும், நலன் முரண்பாடு குறித்த கொள்கையிலும் இருக்கிறது. சேரும்வரை இவற்றில் எதுவும் அவர் கண்ணில் படாமல் போகலாம். அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

யாரிடம், எப்போது?

நம்மோடு முதலில் தொலைபேசியில் பேசுபவர் பல நேரங்களில் அந்த நிறுவனத்தின் ஆளே அல்ல. ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சியைச் சேர்ந்தவராக இருப்பார். நாம் வேலையில் சேர்ந்தால்தான் அவருக்குக் கட்டணம். அவரிடம் கேட்டால், "அதெல்லாம் பிரச்னை இல்ல சார், ஜாயின் பண்ணுங்க" என்பார். அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. அந்த விதிகளை அவர் பார்த்தே இருக்க மாட்டார், அனுமதி தரும் அதிகாரமும் அவருக்கு இல்லை. கேள்வியை அவர் மூலம் அனுப்பலாம்; பதில் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும்.

நேரமும் முக்கியம். முதல் அழைப்பிலேயே சொன்னால், நம் திறமை தெரியும் முன்பே "இவர் அரை மனதோடு வருகிறார்" என்று முடிவு கட்டிவிடும் ஆபத்து உண்டு. அந்த முடிவை எதிர்த்துக் கேட்க வழியும் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு சொன்னாலோ, கையெழுத்திட்ட விதியை மீறிவிட்டுச் சொல்வதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பொருத்தமான கட்டம் இருக்கிறது. நிறுவனம் நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டது, ஆஃபர் கடிதம் வந்துவிட்டது அல்லது வரப்போகிறது, நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது சொன்னால் அவர்களுக்கும் நம்மை இழக்க மனம் வராது. நமக்கும் விலகிக்கொள்ள வழி இருக்கும்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமான எல்லை, பழைய வேலைக்குக் கொடுக்கும் ராஜினாமா கடிதம். ஐடி துறையில் நோட்டீஸ் காலம் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று நீள்வதுண்டு. ராஜினாமா கொடுத்துவிட்டு, கடைசி வாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டு, "எங்கள் விதிப்படி முடியாது" என்று பதில் வந்தால் இரண்டு பக்கமும் கதவு மூடிவிடும். புதிய நிறுவனத்தின் பதில் கைக்கு வந்த பிறகே ராஜினாமா போக வேண்டும்.

ஆஃபர் கட்டம்வரை காத்திருப்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. விண்ணப்பப் படிவத்திலோ பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்திலோ "வேறு தொழில், வணிகம், இயக்குநர் பதவி ஏதும் உண்டா?" என்று ஒரு கட்டம் இருந்தால், அந்த இடத்திலேயே உண்மையை எழுதிவிட வேண்டும். அங்கே "இல்லை" என்று எழுதியது பின்னால் தெரியவந்தால், வியாபாரம் எவ்வளவு சிறியது என்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். பொய்த் தகவல் தந்ததற்காகவே வேலை போகலாம்.

என்ன எழுதுவது?

நம் இளைஞர் எழுதும் மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரம் இப்படி இருந்தால் போதும்:

"ஆஃபருக்கு நன்றி. ஏற்றுக்கொள்ளும் முன் ஒரு விவரத்தைத் தெரிவிக்க விரும்புகிறேன். மூன்று ஆண்டுகளாக என் பெயரில் சிறிய அளவில் அரிசிச் சில்லறை வியாபாரம் செய்துவருகிறேன். சனி, ஞாயிறு மட்டும் சில மணி நேரம் இதில் செலவாகிறது. வார நாள்களில் வரும் ஆர்டர்களை வீட்டில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இதற்கும் மென்பொருள் தொழிலுக்கும் தொடர்பில்லை. நிறுவனத்தின் நேரம், கணினி, தகவல் எதையும் இதற்குப் பயன்படுத்த மாட்டேன். உங்கள் விதிகள் இதை அனுமதிக்கின்றனவா? இதைப் பற்றிய விதியின் வாசகத்தை நான் முன்கூட்டியே படிக்க முடியுமா? அனுமதி தேவை என்றால் அதைத் தருபவர் யார், சேரும் முன்பா பின்பா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கோரும் தொனி இல்லை, கெஞ்சல் இல்லை. குடும்பக் கஷ்டத்தை விவரிக்கவில்லை. அது அனுமதியைத் தீர்மானிக்கும் விஷயம் அல்ல. லாபம் எவ்வளவு என்றும் சொல்லவில்லை, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். முடிவெடுப்பவருக்குத் தேவையான தகவல்கள் எல்லாம் இருக்கின்றன: என்ன தொழில், யார் பெயரில், எந்த நேரத்தில், நிறுவனத்தின் தொழிலோடு உரசுமா, உரசாதா. "சும்மா ஒரு சின்ன பிசினஸ்" என்று மட்டும் எழுதினால், அனுமதி கிடைத்தாலும் எதற்குக் கிடைத்தது என்று நாளைக்கு நிரூபிக்க முடியாது.

பதிலை எப்படிப் படிப்பது?

"பொதுவாக இதில் பிரச்னை இருக்காது" என்று ஒரு வரியில் வரும் பதில் அனுமதி ஆகாது. தொலைபேசியில் "ஓகே" என்றால், அன்றைக்கே "நீங்கள் சொன்னபடி, என் அரிசி வியாபாரத்தைத் தொடரலாம் என்று புரிந்துகொண்டேன்; தவறாக இருந்தால் தெரிவிக்கவும்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைக்க வேண்டும்.

எழுத்தில் தெளிவாகச் சம்மதம் வந்த பிறகும் பலர் கவனிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. நியமனக் கடிதங்களின் கடைசிப் பக்கத்தில், "இதற்கு முன் நடந்த எல்லாப் பேச்சுகளுக்கும் கடிதப் போக்குவரத்துகளுக்கும் பதிலாக இந்த ஒப்பந்தமே முழுமையானது" என்ற பொருளில் ஒரு வரி இருப்பது வழக்கம். அந்த வரி உள்ள கடிதத்தில் கையெழுத்திட்டால், முந்தைய வாரம் வந்த சம்மத மின்னஞ்சலின் பலம் குறைந்துவிடும். எனவே அந்த அனுமதியை நியமனக் கடிதத்தின் இணைப்பாகவே சேர்க்கச் சொல்லலாம். முடியாது என்றால், சேர்ந்த முதல் வாரத்திலேயே நிறுவனத்தின் அறிவிப்புப் படிவத்தில் மறுபடி பதிந்து, ஒப்புதலை வாங்கி, நகலைச் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலக மின்னஞ்சலில் மட்டும் இருந்தால், தேவைப்படும் நாளில் அது நம் கைக்கு எட்டாமல் போகக்கூடும்.

"சொல்லாவிட்டால் எப்படித் தெரியப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கினால் வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன் கணக்கில் இரண்டு நிறுவனங்களின் பங்களிப்பும் தெரியும். சொந்த வியாபாரத்தில் அது இல்லைதான். ஆனால் ஜிஎஸ்டி பதிவு இருந்தால், பான் எண்ணைக் கொண்டு யார் வேண்டுமானாலும் ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். உணவுப் பொருள் விற்பவருக்கான பதிவுச் சான்றிதழில் பெயரும் முகவரியும் இருக்கும். வணிக வருமானம் உள்ளவர் சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 படிவத்தில் கணக்குக் காட்ட முடியாது. அந்தக் கணக்கைச் சில நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பில் கேட்பதுண்டு. ஒழுங்காகப் பதிந்து, ஒழுங்காக வரி கட்டி வியாபாரம் செய்பவர்தான் எளிதில் தெரியவருவார். அவர் மறைக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவது கொடுமை.

அனுமதி எங்கே நழுவும்?

இதே இளைஞர் அரிசி விற்பதற்குப் பதிலாக, மண்ணச்சநல்லூர் ஆலைகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார் என்றால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. வருமானம் குறைவாக இருக்கலாம், நேரமும் குறைவாக இருக்கலாம். ஆனால் நிறுவனம் எந்தத் திறமைக்குச் சம்பளம் தருகிறதோ அதே திறமை வெளியே விற்கப்படுகிறது. பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் நிரலும் வடிவமைப்பும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்கள் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எழுதிய நிரலையும் அந்த வாசகம் வளைத்துவிடலாம். இவர் அனுமதி கேட்பதோடு நிற்கக் கூடாது. ஏற்கெனவே தாம் உருவாக்கியவை எவை என்று ஒரு பட்டியல் எழுதி, அவை தமக்கே உரியவை என்று ஒப்பந்தத்தின் இணைப்பில் சேர்க்கச் சொல்ல வேண்டும். மறுத்தால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

அரிசி வியாபாரத்திலும் அனுமதி ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் செல்லும் என்று இல்லை. நாற்பது மூட்டைக்கு வாங்கிய சம்மதம், குடோன் பிடித்து, ஆள் வைத்து, கடை திறந்த பிறகும் போதும் என்று எண்ணக் கூடாது. வியாபாரத்தின் உருவம் மாறினால் மறுபடி தெரிவிக்க வேண்டும். அன்றாடத்தில் பெரும்பாலும் இடறுவது இதைவிடச் சிறிய விஷயத்தில்தான்: அலுவலக மடிக்கணினியில் ஆர்டர் கணக்கைத் திறந்து வைப்பது, கூட்டத்தின் நடுவே வாடிக்கையாளரின் அழைப்பை எடுப்பது. அனுமதி இருந்தும் புகார் வருவது இங்கேதான்.

"அப்பா பெயரில் மாற்றிவிட்டால் போதுமே" என்ற யோசனையும் வரும். வேலையை உண்மையிலேயே அப்பா பார்த்தால் சரி. பெயர் மட்டும் அவருடையது, வண்டியும் போனும் மகனுடையது என்றால் எதுவும் மாறவில்லை. அரசுப் பணிக்கு இது இன்னும் கறாரானது. மத்திய அரசு ஊழியர்களின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15ஆவது விதி, அரசின் முன்அனுமதி இல்லாமல் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்கிறது. குடும்பத்தில் ஒருவர் வணிகம் செய்தால் அதையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மனைவியோ குடும்பத்தாரோ நடத்தும் இன்ஷூரன்ஸ், கமிஷன் ஏஜென்ஸி போன்றவற்றுக்கு ஆதரவு திரட்டுவதே விதிமீறல். மனைவியின் தொழிலுக்காக அலுவலக நண்பர்களுக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பும் அரசு ஊழியர் இதை நினைவில் வைக்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களும் தத்தம் நடத்தை விதிகளை வைத்திருக்கின்றன. திருச்சி இளைஞர்கள் பலருடைய கனவான பெல் நிறுவனத்துக்குப் போகிறவர்கள், தனியார் நிறுவனத்தில் கிடைத்த சலுகை அங்கேயும் கிடைக்கும் என்று எண்ணாமல், அந்த விதிகளை வாங்கிப் படித்துவிட வேண்டும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது

இவ்வளவு கவனத்தையும் வேலை தேடுபவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயம் இல்லை. விதியை எழுதியது நிறுவனம். அது யாரைக் கட்டும் என்று அறிந்ததும் நிறுவனம். அந்த விதியைக் கையெழுத்துக்குப் பிறகு காட்டுவது தவறு. வெளித் தொழில் பற்றிய பத்தியை ஆஃபர் கடிதத்தோடு சேர்த்தே அனுப்புவதற்குச் செலவு ஏதும் இல்லை. அனுமதி தருபவர் யார், எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். கேட்டதற்காக ஆஃபர் திரும்பப் பெறப்படாது என்று ஒரு வரி சேர்த்தால், இன்றைக்கு மறைத்துக்கொண்டு சேருபவர்களில் பலர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சேருவார்கள். நிறுவனம் உண்மையில் அஞ்ச வேண்டியது போட்டியாளருக்கு வேலை பார்ப்பவரைத்தான். எல்லோரும் மறைக்கும் இடத்தில் அப்படிப்பட்டவரைப் பிரித்தறிய முடியாது.

திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஐடி வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு நிலமோ, மாடோ, ஒரு சின்ன வியாபாரமோ வீட்டோடு வருகிறது. முதல் சம்பளம் வந்த நாளிலேயே அதையெல்லாம் மூடிவிட முடியாது, மூடவும் வேண்டியதில்லை. அது இருப்பதாகச் சொல்லும் இளைஞரை நேர்மையானவர் என்று மதிக்க நிறுவனங்கள் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வரும்வரை, கேட்கும் பொறுப்பு நம்முடையதாகவே இருக்கும். ராஜினாமா கடிதம் எழுதும் முன் அந்த மின்னஞ்சலை எழுதிவிடுங்கள். 'முடியாது' என்று பதில் வந்தாலும், அப்போது கையில் பழைய வேலையும் இருக்கும், வியாபாரமும் இருக்கும்.